அம்மா பெயரிலுள்ள வீடுகள், கடை: வாடகைக் கணக்கு, ஏப்ரல் 2024 – மார்ச் 2025

திருச்சி. கணக்கு முடித்த நாள்: 31-03-2025. அக்காவும் தம்பியும் பார்ப்பதற்காக.

கையில் வந்த பணம்தான் வரவு. வர வேண்டியது வேறு, வந்தது வேறு. போன வருடம் இரண்டையும் ஒன்றாக எழுதிவிட்டு, வங்கிப் புத்தகத்தோடு ஒத்துப்போகாமல் மூன்று நாள் உட்கார்ந்தேன். வாடகை அந்தந்த மாதத்துக்கு அந்த மாதமே. பாதிப் பணம் வந்தால் முதலில் பழைய பாக்கியில்தான் கழிப்பேன்.

யார், எவ்வளவு, எப்போது

| குறி | இடம் | மாத வாடகை | கெடு தேதி | அட்வான்ஸ் |
|---|---|---|---|---|
| தி | தில்லைநகர் தையல் கடை | 18,000 | 5 | 1,80,000 |
| ஸ்ரீ1 | ஸ்ரீரங்கம் கீழ்வீடு | 11,500 | 5 | 1,00,000 |
| ஸ்ரீ2 | ஸ்ரீரங்கம் மாடி | 9,500 | 5 | 75,000 |
| கே | கே.கே.நகர் பிளாட் | 12,000 | 1 | 1,00,000 |
| உ1, உ2, உ3 | உறையூர் லைன் வீடு | தலா 4,500 | 10 | தலா 15,000 |

அட்வான்ஸ் மொத்தம் 5,00,000. அது நம் பணம் இல்லை, காலி செய்யும்போது திருப்பித் தர வேண்டியது. தனி டெபாசிட்டில் கிடக்கிறது, இந்தக் கணக்கில் அது எங்கேயும் சேரவில்லை.

வரவும் பாக்கியும்

| இடம் | வர வேண்டியது | வந்தது | பாக்கி |
|---|---|---|---|
| தில்லைநகர் | 2,16,000 | 2,08,000 | 8,000 |
| ஸ்ரீரங்கம் | 2,33,000 | 2,33,000 | இல்லை |
| கே.கே.நகர் | 1,44,000 | 1,44,000 | இல்லை |
| உறையூர் | 1,62,000 | 1,50,500 | 11,500 |
| மொத்தம் | 7,55,000 | 7,35,500 | 19,500 |

ஸ்ரீரங்கம் மாடி ஜூலை, ஆகஸ்ட் இரண்டு மாதம் காலி. அந்த 19,000 பாக்கியில் வராது, ஆள் இல்லாத வீட்டுக்கு யார் வாடகை தருவார்? ஆனால் நஷ்டம் நஷ்டம்தான். பழைய ஆட்கள் ஜூன் கடைசியில் காலி செய்தார்கள். பெயிண்ட் அடிக்கும் வேலை இழுத்துக்கொண்டே போய் ஆடி பிறந்துவிட்டது. ஆடியில் யார் வீடு மாறுவார்கள்? ஆவணியில்தான் பால் காய்ச்சினார்கள், செப்டம்பரிலிருந்து வாடகை. இனி ஆனியில் யாராவது காலி செய்தால் பத்து நாளில் பெயிண்ட் முடிய வேண்டும். பெயிண்டரிடம் இப்போதே சொல்லி வைத்திருக்கிறேன்.

தில்லைநகர் கடை: மார்ச் 12-ல் 10,000 தந்தார், மீதி 8,000 ஏப்ரல் வாடகையோடு. பதினோரு மாதம் தவறாமல் தந்தவர், எனக்குக் கவலை இல்லை.

உறையூர் உ2-ஐக் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

| மாதம் | வர வேண்டியது | வந்தது | எதில் கழித்தேன் | அந்த மாதத்தில் இப்போது நிற்பது |
|---|---|---|---|---|
| டிசம்பர் | 4,500 | 0 | – | 0 |
| ஜனவரி | 4,500 | 2,000 | டிசம்பர் | 2,500 |
| பிப்ரவரி | 4,500 | 4,500 | டிசம்பர் 2,500, ஜனவரி 2,000 | 4,500 |
| மார்ச் | 4,500 | 0 | – | 4,500 |

அந்த அண்ணன் பந்தல் போடும் வேலைக்குப் போகிறவர். மார்கழியில் கல்யாணம் கிடையாது, வேலையும் கிடையாது. தையில் சம்பாதித்துக் கட்டிவிடலாம் என்று இருந்தார், கட்டவும் ஆரம்பித்தார். ஜனவரியில் அவர் மகள்தான் நூறு ரூபாய் நோட்டுகளாக 2,000-ஐ நோட்டுப் புத்தகத் தாளில் மடித்துக் கொண்டுவந்து கொடுத்தாள், ரசீதில் எண்ணைச் சரிபார்த்துவிட்டுத்தான் போனாள். மாசிக் கடைசியில் ஏணியிலிருந்து விழுந்து கையில் கட்டு. நேரில் போய்ப் பேசினேன். ஏப்ரல் வாடகையை மட்டும் 25-ஆம் தேதி தருவார். மே முதல் செப்டம்பர் வரை வாடகையோடு மாதம் 2,300 சேர்த்து, ஐந்து மாதத்தில் 11,500-ம் தீரும். நோட்டில் எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டோம். அட்வான்ஸ் 15,000 இருப்பதால் நமக்கும் பயமில்லை. எட்டு வருடமாக இருக்கிற குடும்பம், தம்பி, அவர்களைக் காலி செய்யச் சொல்வது சரி என்று எனக்குப் படவில்லை.

செலவு

| இடம் | என்னென்ன | மொத்தம் |
|---|---|---|
| தில்லைநகர் | ஷட்டர் 3,400. சொத்து வரி 9,600 | 13,000 |
| ஸ்ரீரங்கம் | மொட்டை மாடித் தட்டோடு 46,500, பெயிண்ட் 14,200, மோட்டார் காயில் 3,800, வரி 6,400 | 70,900 |
| கே.கே.நகர் | சங்கப் பராமரிப்பு 21,600, குழாய் 1,200, வரி 3,200 | 26,000 |
| உறையூர் | ஓடு மாற்றியது 7,500. பொது மோட்டார் கரண்ட் 5,400. சாக்கடை அடைப்பு 2,600. வரி 3,000 | 18,500 |
| மொத்தம் | | 1,28,400 |

தட்டோடு செலவு பெரிது, தவிர்க்கவும் முடியாது. நவம்பர் மழையில் மாடி வீட்டு ஃபேன் கொக்கியைச் சுற்றி ஈரம் தாம்பாளம் அளவுக்குப் படர்ந்திருந்தது, தொட்டால் சுண்ணாம்பு கையோடு வந்தது. மழை விட்டுக் காய்ந்த பிறகு பிப்ரவரியில் பழைய ஓட்டைக் கொத்தி எடுத்துப் புதிதாகப் பதித்தோம்.

அம்மாவின் வருமான வரிக்கு இந்த பில்களைத் தனியாகக் கழிக்க முடியாது. கட்டிய சொத்து வரியைக் கழித்து, மிச்சத்தில் 30 சதவீதம் கழிவு. ரிப்பேர் எல்லாம் அதற்குள் அடக்கம். ஆகவே சொத்து வரி ரசீதுதான் ஆடிட்டருக்கு முக்கியம், நான்கும் பச்சை ஃபைலில் இருக்கின்றன.

எந்த இடம் எவ்வளவு தருகிறது

| இடம் | இன்றைய மதிப்பு | செலவு போக நின்றது | வருட விளைவு |
|---|---|---|---|
| உறையூர் | 38,00,000 | 1,32,000 | 3.47% |
| தில்லைநகர் | 62,00,000 | 1,95,000 | 3.15% |
| கே.கே.நகர் | 42,00,000 | 1,18,000 | 2.81% |
| ஸ்ரீரங்கம் | 85,00,000 | 1,62,100 | 1.91% |
| மொத்தம் | 2,27,00,000 | 6,07,100 | 2.67% |

மதிப்பு என்பது பக்கத்தில் விற்ற விலையைக் கேட்டு நான் போட்டது. அப்பா வாங்கிய விலையில் போட்டால் சதவீதம் கண்ணுக்கு அழகாக இருக்கும், ஆனால் விற்பதா வைத்திருப்பதா என்று பேசும்போது அது உதவாது.

தொல்லை அதிகம் என்று தம்பி விற்கச் சொல்கிற உறையூர்தான், பாக்கி நிற்கும்போதே, முதலிடத்தில் இருக்கிறது. 11,500-ம் வந்திருந்தால் 3.78%. விற்க வேண்டாம் என்பது என் எண்ணம். ஸ்ரீரங்கத்தை இந்த ஒரு வருடத்தை வைத்து எடை போடவும் கூடாது. தட்டோடு பத்து வருடம் தாங்கும் என்று வைத்து வருடத்துக்கு 4,650 மட்டும் எழுதினால் 2.40% வரும்.

ஷீட்டில் போட்டிருக்கும் கணக்கு

வரவுப் பக்கத்தில் B வீட்டுக் குறி, C கெடு தேதி, D வர வேண்டியது, E வந்தது. கெடு தேதி வராத வாடகை பாக்கியில் சேராது.

```
=SUMIFS(D:D,B:B,"உ2",C:C,"<="&TODAY())-SUMIFS(E:E,B:B,"உ2")
```

சுருக்கப் பக்கத்தில் C வந்தது, D செலவு, E மதிப்பு:

```
=(C5-D5)/E5
```

ஏப்ரல் 2025

| தேதி | என்ன | தொகை |
|---|---|---|
| 1 | கே | 12,000 |
| 5 | தி, பழைய 8,000 சேர்த்து | 26,000 |
| 5 | ஸ்ரீ1, ஸ்ரீ2 | 21,000 |
| 10 | உ1, உ3 | 9,000 |
| 25 | உ2 | 4,500 |
| | வர வேண்டியது | 72,500 |
| 30-க்குள் | அரையாண்டு சொத்து வரி, நான்குக்கும் | 11,100 |

முப்பதாம் தேதிக்குள் கட்டினால் வரியில் 5 சதவீதம் தள்ளுபடி, 555 ரூபாய் மிச்சம். 15-ஆம் தேதியே கட்டிவிடுகிறேன். தில்லைநகர் ஒப்பந்தம் மே 31-ல் முடிகிறது. ஜூனிலிருந்து 5 சதவீதம் கூட்டி 18,900 என்று அவரிடம் வாயால் பேசியாகிவிட்டது. அக்கா, பத்திரத்தாள் வாங்க மே இரண்டாவது வாரம் நீங்கள் வருகிற அன்றே போய்விடலாம், அம்மாவும் கையெழுத்துப் போட வேண்டும்.