மகளின் படிப்பைத் தீர்மானிப்பவை: ரெக்ரெஷன் அட்டவணை விளக்கம்

முதுகலை சமூகவியல், ஆய்வு முறைகள், ஒப்படைப்பு 3

வகுப்பில் பயிற்சிக்காகத் தரப்பட்ட தரவு இது. மேலூர், உசிலம்பட்டி வட்டாரக் கிராமங்களில் 20 முதல் 25 வயதுள்ள 180 பெண்களைப் பற்றியதாக அமைத்திருக்கிறார்கள். சார்ந்த மாறி, அந்தப் பெண் படித்து முடித்த வகுப்பாண்டுகள்.

| மாறி | கெழு | திட்டப்பிழை | p |
|---|---|---|---|
| மாறிலி | 7.90 | 0.85 | <0.001 |
| தாயின் படிப்பு (ஆண்டு) | 0.28 | 0.06 | <0.001 |
| குடும்ப மாத வருமானம் (ஆயிரம் ரூபாய்) | 0.05 | 0.03 | 0.097 |
| மேல்நிலைப் பள்ளிக்குத் தூரம் (கி.மீ.) | −0.17 | 0.07 | 0.016 |
| உசிலம்பட்டி (ஒப்பீடு: மேலூர்) | −0.22 | 0.41 | 0.592 |

R² = 0.31

மற்ற மாறிகள் சமமாக இருக்கையில், தாய் ஓராண்டு கூடுதலாகப் படித்திருந்தால் மகளின் படிப்பு சராசரியாக 0.28 ஆண்டு கூடுகிறது. ஐந்தாம் வகுப்போடு நின்ற தாய்க்கும் பத்தாம் வகுப்பு முடித்த தாய்க்கும் இடையே மகளின் படிப்பில் 1.4 ஆண்டு வித்தியாசம். தூரத்தின் கெழு சிறியதாகத் தெரிகிறது. ஆனால் அது ஒரு கிலோமீட்டருக்கானது. பள்ளி 8 கி.மீ. தள்ளியிருந்தால் கழிவது 1.36 ஆண்டு, தாயின் ஐந்தாண்டுப் படிப்பு தருவதற்குக் கிட்டத்தட்ட ஈடு. அலகைப் பார்க்காமல் 0.28ஐயும் 0.17ஐயும் நேரடியாக ஒப்பிடக் கூடாது.

p = 0.016 என்றால், தூரத்துக்கும் படிப்புக்கும் உண்மையில் தொடர்பே இல்லாதபோது, இவ்வளவோ இதைவிடப் பெரிதோ ஆன கெழு தற்செயலாகக் கிடைக்கும் வாய்ப்பு 1.6 சதவீதம். 'தூரம் காரணமாக இருக்கும் வாய்ப்பு 98.4 சதவீதம்' என்று இதைத் திருப்பிப் படிப்பது தவறு.

வருமானம் 5 சதவீத மட்டத்தைத் தாண்டவில்லை. அதற்காக வருமானத்துக்குப் பங்கில்லை என்று எழுத நான் தயாரில்லை. 95 சதவீத நம்பிக்கை இடைவெளி ஏறத்தாழ −0.01 முதல் 0.11 வரை, பூச்சியம் விளிம்பில்தான் இருக்கிறது. பூ பறிப்பு, கட்டட வேலை என்று அன்றாடக் கூலியில் ஓடும் வீடுகளில் 'மாத வருமானம் எவ்வளவு' என்ற கேள்விக்குத் துல்லியமான பதில் கிடைப்பது அரிது. அளவீட்டில் அப்படிப் பிழை இருந்தால், கெழு பூச்சியத்தை நோக்கிச் சுருங்கியிருக்கலாம்.

வட்டார வேறுபாட்டின் இடைவெளி −1.03 முதல் 0.59 வரை நீள்கிறது. இரண்டு வட்டாரமும் ஒன்றே என்பதற்கு இது சான்று ஆகாது. எந்தப் பக்கமும் சொல்ல இந்தத் தரவு போதவில்லை, அவ்வளவுதான். மாறிலியான 7.90, வருமானமும் தூரமும் தாயின் படிப்பும் பூச்சியமான மேலூர் வீட்டுக்கு உரியது. அப்படி ஒரு வீடு அரிது. அதைத் தனியே விளக்கவில்லை.

படிப்பில் உள்ள ஏற்றத்தாழ்வில் 31 சதவீதத்தை இந்த மாறிகள் விளக்குகின்றன. தூரத்தை வெறும் கிலோமீட்டராக மட்டும் அளந்தது பெரிய குறை என்று நினைக்கிறேன். காலையில் பள்ளி நேரத்துக்குப் பஸ் உள்ள ஊருக்கும் இல்லாத ஊருக்கும் 8 கி.மீ. ஒன்றல்ல. பஸ் வசதியை ஒரு மாறியாகச் சேர்த்து, தூரத்தோடு பெருக்கி இடைவினையாக ஓட்டிப் பார்த்தால்தான் −0.17 எந்த ஊர்களிலிருந்து வருகிறது என்று தெரியும்.