இரண்டாம் ஆண்டு மாணவியுடன் இன்டர்ன்ஷிப் நேர்காணல்

இடம்: தரமணி அலுவலகம். பணி: மென்பொருள் பயிற்சியாளர். விண்ணப்பதாரர் கணினி அறிவியல் இரண்டாம் ஆண்டு மாணவி.

தேர்வாளர்: உங்கள் ரெஸ்யூமில் ஒரே ஒரு புராஜெக்ட்தான் இருக்கிறது. அதைப் பற்றிச் சொல்லுங்கள்.

மாணவி: வகுப்பில் செய்த லேப் பயிற்சிகளைப் புராஜெக்ட் என்று எழுத எனக்கு மனம் வரவில்லை, மேடம். குரோம்பேட்டையில் என் சித்தப்பா நடத்தும் மருந்துக் கடைக்காக, காலாவதியாகப் போகும் மருந்துகளை முன்கூட்டியே காட்டும் நிரல் ஒன்றைப் பைதானிலும் எஸ்க்யூலைட்டிலும் எழுதினேன். அதை அவர் கடையில் பயன்படுத்தி வருகிறார்.

தேர்வாளர்: அதில் புதிதாக எதைக் கற்றீர்கள்?

மாணவி: மருந்து அட்டையில் 05/2026 என்று மாதம் முதலில் அச்சாகியிருக்கும். அதை அப்படியே சேமித்து வரிசைப்படுத்தினால், அதற்கு முன்பே காலாவதியாகும் 11/2025 பட்டியலில் கீழே போய்விடுகிறது. எஸ்க்யூலைட்டில் தேதிக்கென்று தனித் தரவு வகை இல்லை என்பதையும், நாம் உரையாகக் கொடுத்தால் அது உரையாகவே ஒப்பிடும் என்பதையும் அதன் ஆவணத்தைப் படித்துத் தெரிந்துகொண்டு, எல்லாவற்றையும் 2026-05 என்ற வடிவத்துக்கு மாற்றினேன்.

தேர்வாளர்: நல்லது. கிட்டில் `git bisect` பயன்படுத்தியதுண்டா?

மாணவி: இல்லை, மேடம். கேள்விப்பட்டதும் இல்லை.

தேர்வாளர்: இதோ அதன் உதவிப் பக்கம். v1.2 பதிப்பில் சரியாக இருந்த ஒரு வசதி இப்போது வேலை செய்யவில்லை. இடையில் 64 கமிட்டுகள் உள்ளன. பத்து நிமிடம் எடுத்துக்கொண்டு, எந்தக் கமிட்டில் அது கெட்டது என்பதை எப்படிக் கண்டுபிடிப்பீர்கள் என்று சொல்லுங்கள்.

(தேர்வாளர் குறிப்பு: விசைப்பலகையைத் தொடாமல் முதலில் பக்கத்தைப் படித்தார். தாளின் ஓரத்தில் 64, 32, 16 என்று எழுதிக்கொண்ட பிறகே தட்டச்சு செய்யத் தொடங்கினார். புதிய கருவியைத் தமக்குத் தெரிந்ததோடு பொருத்திப் பார்க்கும் இந்தப் பழக்கத்தை நான் பெரிதும் மதிக்கிறேன்.)

```
git bisect start
git bisect bad
git bisect good v1.2
```

மாணவி: இது எங்களுக்குப் பாடத்தில் வந்த பைனரி சர்ச்தான், மேடம். நடுவிலுள்ள கமிட்டை எடுத்துச் சோதித்து, சரியா தவறா என்று சொன்னால் பாதி கழிந்துவிடுகிறது. ஆகவே 64 கமிட்டுகளுக்கு ஏறக்குறைய ஆறு சோதனைகள் போதும்.

தேர்வாளர்: ஒவ்வொரு முறையும் கையால் சோதிக்க வேண்டுமா?

மாணவி: தேவையில்லை. `git bisect run` கட்டளையிடம் ஒரு சோதனை நிரலைக் கொடுத்தால், அது 0 திருப்பினால் சரி என்றும் 1 திருப்பினால் தவறு என்றும் கிட் தானே எடுத்துக்கொள்கிறது.

தேர்வாளர்: கம்பைலே ஆகாத கமிட் நடுவில் வந்தால்?

மாணவி: அந்தப் பகுதியை நான் இன்னும் படிக்கவில்லை, ஒரு நிமிடம் பார்க்கலாமா? ... 125 திருப்பினால் அந்தக் கமிட்டைத் தாண்டிச் செல்லும் என்று இருக்கிறது, மேடம்.

தேர்வாளர்: சரி. உங்களுக்கு ஏதேனும் கேட்க வேண்டுமா?

மாணவி: நான் எழுதும் நிரலை யார் படித்துத் திருத்துவார்கள்?

தேர்வாளர்: குழுவின் மூத்த பொறியாளர் ஒருவர். அவருடைய ஒப்புதல் இல்லாமல் எந்த மாற்றமும் சேராது.