வெளிச்சம்: ஆண்டு விழாவுல நான் பேசினது

மேடையில இருக்குற தலைமை ஆசிரியர் அவர்களுக்கும், சிறப்பு விருந்தினர் அவர்களுக்கும், எங்க மிஸ், சார் எல்லாருக்கும், வேலைய எல்லாம் விட்டுட்டு எங்களுக்காக வந்து உக்காந்திருக்குற அம்மா அப்பாக்களுக்கும், முன்னாடி தரையில சம்மணம் போட்டு உக்காந்திருக்குற குட்டிப் பசங்களுக்கும் வணக்கம்.

இந்த வருஷம் ஆண்டு விழா தீம் 'வெளிச்சம்'. தமிழ் மிஸ் அந்த ஒரு வார்த்தையத்தான் குடுத்தாங்க, என்ன பேசணும்னு ஒண்ணுமே சொல்லல. நானும் நோட்ட எடுத்து வச்சு எழுதறேன் அடிக்கிறேன், எழுதறேன் அடிக்கிறேன், கல்விதான் வெளிச்சம் அறியாமைதான் இருட்டுன்னுதான் திரும்பத் திரும்ப வருது. தப்பில்ல, ஆனா அது நான் கேட்டது, நான் பாத்தது இல்ல. அதனால பாத்தத மட்டும் சொல்றேன்.

போன வியாழக்கிழமை ரிகர்சல். ஜன்னல் எல்லாம் சாத்தி, ஹால் கும்மிருட்டு. பின்னாடி இருந்து அந்த பெரிய ஸ்பாட் லைட்ட போட்டாங்க. லைட்டுல இருந்து மேடை வரைக்கும் வெள்ளையா ஒரு குழாய் வச்ச மாதிரி வெளிச்சம் நிக்குது, உள்ள தூசி மெதுவா சுத்திக்கிட்டே மேல போகுது கீழ வருது. ஆயாம்மா அப்பத்தான் மேடைய பெருக்கிட்டு இறங்கியிருந்தாங்க. கொஞ்ச நேரத்துல தூசி அடங்கிடுச்சு, அந்தக் குழாயும் மங்கிப் போச்சு, ஆனா மேடையில விழுந்த வட்டம் மட்டும் அப்படியே பளிச்சுன்னு இருக்கு.

ஃபிசிக்ஸ் சார்கிட்ட ஓடிப்போய் கேட்டேன். வெளிச்சம் உன்னைத் தாண்டி குறுக்க போனா உனக்குத் தெரியாதுப்பா, அது எதுமேலயாவது பட்டு உன் கண்ணுக்கு வரணும், அப்பத்தான் தெரியும்னு சொன்னார். தூசி மேல பட்டு சிதறினதாலதான் அந்தக் குழாய் தெரிஞ்சுது, டிண்டால் விளைவுன்னு பேரு.

வீட்டுக்குப் போயும் அதேதான் மண்டைக்குள்ள ஓடுது. சூரியன்ல இருந்து கிளம்பற வெளிச்சம் செகண்டுக்கு கிட்டத்தட்ட 3 லட்சம் கிலோமீட்டர் வேகத்துல வந்தும் நம்மகிட்ட சேர 8 நிமிஷத்துக்கு மேல ஆகுது, அவ்ளோ தூரம். அந்த வழி முழுக்க வெளிச்சம் போய்க்கிட்டுதான் இருக்கு, ஆனா விண்வெளி கறுப்பாத்தான் தெரியுது, ஏன்னா அங்க அது படறதுக்கு ஒண்ணும் இல்ல. நிலா குறுக்க நிக்குது, அதனால தெரியுது. அதுவும் நிலாவோட தரை உண்மையில கருமையான தரை, விழற வெளிச்சத்துல 100ல 12 பங்கு அளவுக்குத்தான் திருப்பி அனுப்புது. நாம பாக்குற பௌர்ணமி அவ்ளோதான்!

சர் சி. வி. ராமன் 1921ல கப்பல்ல போறப்ப மத்தியதரைக் கடலப் பாத்து இது ஏன் இவ்ளோ நீலமா இருக்குன்னு யோசிச்சார். கடலப் பாத்தவங்க கோடிப் பேர் இருப்பாங்க, அவர் அந்தக் கேள்விய விடல. வெளிச்சம் ஒரு பொருள் மேல பட்டு சிதறும்போது என்ன ஆகுதுன்னு வருஷக்கணக்கா நோண்டினார், 1928 பிப்ரவரி 28ல ராமன் விளைவு, 1930ல நோபல் பரிசு. அவர் பாத்ததும் பட்டு சிதறின வெளிச்சத்தத்தான்.

இப்ப நான் வெளிச்சத்துல நிக்கிறேன், உங்க எல்லாருக்கும் நான் தெரியறேன். அந்த லைட்டுக்குப் பின்னாடி ஸ்டூல் மேல ஒருத்தன் நிக்கிறான், என் கிளாஸ்தான். ரிகர்சல் அன்னைக்கு ரெண்டு மணி நேரம் அந்தச் சூட்டுல நின்னு யார் எங்க நகர்ந்தாலும் லைட்ட திருப்பிக்கிட்டே இருந்தான், கீழ இறங்கும்போது சட்டை முதுகோட ஒட்டிக்கிட்டு இருந்துச்சு. நிகழ்ச்சி நிரல்ல அவன் பேரு இல்ல.

பத்தாவதுல எனக்கு கணக்கு சுத்தமா வராது. எங்க கணக்கு மிஸ் மூணு மாசம் மதிய சாப்பாட்டு நேரத்துல என்னக் கூப்பிட்டு, போர்டு வேற கிளாஸுக்கு வேணும்னு வராண்டா தரையிலயே சாக்பீஸால போட்டுக் காட்டுவாங்க, பெல் அடிச்சதும் பசங்க நடந்து நடந்து அது அழிஞ்சிடும். டிபன் பாக்ஸ திறக்காமயே எடுத்துட்டுப் போன நாளும் உண்டு. இன்னைக்கு நான் வாங்கப்போற மெடல் உங்களுக்குத் தெரியும், அந்தத் தரை தெரியாது. அதனாலதான் இத மைக்ல சொல்றேன். மிஸ், நீங்க மூணாவது வரிசையில இருக்கீங்க, நான் பாத்துட்டேன். ரொம்ப நன்றி மிஸ்.

குட்டிப் பசங்களா, உங்க டான்ஸுக்கு நேரமாச்சு, நான் இறங்கிடறேன். டேய், லைட்ட ஒரு தடவ உன் பக்கம் திருப்புடா, எல்லாரும் உன்னயும் பாக்கட்டும், அப்புறம் இவங்க பக்கம் வை.

நன்றி, வணக்கம்.