மூன்று ஞாயிறு, மூன்று வழிபாடு: கேட்டல், கவனித்தல் தாள்

பிளஸ் ஒன், பிளஸ் டூ மாணவர்களுக்கு

அடுத்த மூன்று ஞாயிற்றுக்கிழமைகளில் மூன்று ஆலயங்களுக்குப் போகிறோம். முதல் வாரம் தருமபுரியில் கத்தோலிக்கத் திருப்பலி, அடுத்து கிருஷ்ணகிரியில் லுத்தரன் ஆராதனை, கடைசியாக ஓசூரில் மலங்கரை ஆர்த்தடாக்ஸ் குர்பானா. மூன்று இடத்திலும் நம்மை வரச் சொல்லியிருக்கிறார்கள். உங்களில் பலர் ஆலயத்துக்குள் இதுவரை போனதே இல்லை. சிலர் வாராவாரம் போகிறவர்கள். இந்தத் தாள் அவர்களுக்குத்தான் கடினம்; பழகிய காது எதையும் புதிதாகக் கேட்காது.

ஒரே ஒரு ஜெபத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள். இயேசு சீடர்களுக்குக் கற்றுக்கொடுத்த ஜெபம் மூன்று இடத்திலும் வரும். லுத்தரன் ஆலயத்தில் "பரமண்டலங்களிலிருக்கிற எங்கள் பிதாவே" என்று தொடங்கும். திருப்பலியில் "விண்ணகத்திலிருக்கிற எங்கள் தந்தையே". அங்கே பிதா, குமாரன், பரிசுத்த ஆவி. இங்கே தந்தை, மகன், தூய ஆவியார். லுத்தரன் போன்ற புராட்டஸ்டன்ட் சபையார் பழைய வேதாகமத் தமிழை விடாமல் காத்து வருகிறார்கள். கத்தோலிக்கத் திருப்பலியோ நெடுங்காலம் லத்தீனில் நடந்தது. 1962 முதல் 1965 வரை நடந்த இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பிறகுதான் தாய்மொழிக்கு வந்தது. அதனால் அதன் தமிழ் புதியது. ஜெபத்தின் முடிவையும் கவனியுங்கள். லுத்தரன் சபையார் "ராஜ்யமும் வல்லமையும் மகிமையும்" என்று மூச்சு விடாமல் முடிப்பார்கள். திருப்பலியில் தீமையிலிருந்து விடுவிக்கக் கேட்டதும் மக்கள் நிறுத்திவிடுவார்கள். குருவானவர் தனியாக ஒரு மன்றாட்டுச் சொல்வார். அதன் பிறகே அந்தப் புகழ்ச்சி வரி. அந்த இடைவெளியைக் காதால் பிடித்தவர் பாதி வேலையை முடித்துவிட்டார்.

கிருஷ்ணகிரிக்கும் லுத்தரன் சபைக்கும் பழைய உறவு. அமெரிக்காவின் மிசூரி சபையாரின் இந்தியப் பணி 1895இல் இங்கேதான் தொடங்கியது. அங்கே பிரசங்கத்துக்கு எவ்வளவு நேரம் போகிறது என்று கடிகாரத்தைப் பாருங்கள். பாட்டில், ஜெர்மன் மெட்டில் அமைந்த ஞானப்பாட்டும் ராகம் தாளத்தோடு வரும் கீர்த்தனையும் ஒரே ஆராதனையில் அடுத்தடுத்து வரலாம். தஞ்சாவூர் வேதநாயகம் சாஸ்திரியார் போன்றவர்கள் தந்த செல்வம் அந்தக் கீர்த்தனைகள். இன்னொன்று: லுத்தரன் ஆலயத்தில் பீடமும் மெழுகுவர்த்தியும் ஒழுங்குமுறை ஜெபங்களும் உண்டு. பெந்தெகொஸ்தே சபையில் கைதட்டலும் டிரம்ஸும்தான் முன்னே நிற்கும். இரண்டும் புராட்டஸ்டன்ட்தான். ஒன்றைப் பார்த்துவிட்டு எல்லாவற்றுக்கும் தீர்ப்பு எழுதாதீர்கள்.

ஓசூரில் பெரும்பகுதி மலையாளத்தில் நடக்கும். புரியவில்லையே என்று தவிக்க வேண்டாம். பீடத்துக்கு முன்னால் ஒரு திரை. அது எப்போது விலகுகிறது, எப்போது மூடுகிறது என்பதே பாதிக் கதை. தூபக் கலசத்தின் சலங்கை ஒலி, பெரும்பாலும் நின்றபடியே மக்கள், நடுநடுவே "பாரெக்மோர்" என்ற சிரியாக் சொல். "குரியேலாயிசோன்" என்பது கிரேக்கம். திருப்பலியில் "ஆண்டவரே இரக்கமாயிரும்" என்று கேட்டீர்களே, அதேதான். நற்கருணையாகத் தரும் அப்பம் புளித்த மாவில் ஆனது. கத்தோலிக்கர்களுடையது புளிக்காத மெல்லிய வட்டம். ஆர்த்தடாக்ஸார் வலத் தோளில் தொடங்கிச் சிலுவை அடையாளம் போடுவார்கள் என்று படித்திருப்பீர்கள். அது கிரேக்க, ரஷ்ய வழக்கம். இங்கே இடத் தோளிலிருந்து வலத் தோளுக்கு. படித்ததை அல்ல, பார்த்ததை எழுதுங்கள்.

ஒவ்வொரு ஞாயிறும் எழுத வேண்டியவை

1. உள்ளே நுழைந்ததும் காதில் விழுந்த முதல் ஒலி எது?
2. முழு அமைதி எத்தனை முறை வந்தது? அதற்குச் சற்று முன் என்ன நடந்தது?
3. மக்கள் சேர்ந்து சொன்ன ஒரு வரியை, கேட்டபடியே எழுதுக. தமிழ் அல்லாத ஒரு சொல்லையும் சேர்க்க.
4. எல்லாருடைய கண்ணும் எந்த இடத்தை நோக்கின: பீடமா, பிரசங்க மேடையா, திரையா?
5. சமாதானத்தை ஒருவருக்கொருவர் எப்படிப் பகிர்ந்தார்கள்? கைகூப்பியா, கையிலிருந்து கைக்கா?
6. பாட்டை நடத்தியது யார்? கருவி இருந்ததா? சபை முழுதும் பாடியதா?

"பக்தியாக இருந்தது" என்று எழுதினால் மதிப்பெண் இல்லை. "மணி ஒலித்தது, பாட்டு நின்றது, என் பக்கத்திலிருந்த பாட்டி முழங்காலிட்டார்" என்று எழுதுங்கள்.

நற்கருணை வாங்கும் வரிசையில் போக வேண்டாம். அது அந்தந்தச் சபையாருக்கு உரியது, இடத்திலேயே மரியாதையாக இருங்கள். போன் பையில், அணைத்தபடி. ஓசூரில் செருப்பு வாசலிலேயே. குறிப்பை உள்ளே உட்கார்ந்து எழுதாதீர்கள். வெளியே வந்ததும், பஸ் ஏறுவதற்கு முன், மரத்தடியில் பத்து நிமிடம் தருகிறேன். திங்கட்கிழமை முதல் பீரியடில் தாளை என்னிடம் கொடுங்கள்.