நடப்பு விகிதம், விரைவு விகிதம்: பயிற்சித் தாள் (பிளஸ் டூ கணக்குப் பதிவியல்)

தொகைகள் எல்லாம் ரூபாயில். விரைவுச் சொத்து என்றால் நடப்புச் சொத்திலிருந்து சரக்கிருப்பையும் முன்கூட்டிச் செலுத்திய செலவையும் கழித்தது. இரண்டு விகிதத்துக்கும் நடப்புப் பொறுப்புகளால்தான் வகுக்க வேண்டும்.

1. ஈரோட்டில் ஒரு ஜவுளிக்கடை, 31 மார்ச் 2024 அன்று: கைரொக்கம் 20,000, வங்கி இருப்பு 40,000, கடனாளிகள் 1,20,000, சரக்கிருப்பு 3,90,000, முன்கூட்டிச் செலுத்திய வாடகை 30,000. கடனீந்தோர் 2,10,000, செலுத்துதற்குரிய மாற்றுச் சீட்டு 40,000, வங்கி மேல்வரைப்பற்று 40,000, கொடுபட வேண்டிய சம்பளம் 10,000.

அ) இரண்டு விகிதங்களையும் காண்க.
ஆ) நடப்பு விகிதத்தை மட்டும் பார்த்து வங்கி மேலாளர் கடன் கொடுக்கலாமா? காரணம் எழுதுக. (‘2:1 இருக்கிறது, ஆகவே நன்று’ என்று ஒரே வரியில் முடித்தால் மதிப்பெண் கிடையாது.)

2. பக்கத்துத் தெரு உணவகத்துக்கு ரொக்கமும் வங்கி இருப்பும் சேர்த்து 1,35,000, சரக்கிருப்பு 30,000, நடப்புப் பொறுப்புகள் 1,50,000. நாளைக் காலையே எல்லாரும் பணம் கேட்டு வந்தால், ஜவுளிக்கடையா உணவகமா, யார் அதிகம் தாக்குப்பிடிப்பார்கள்?

3. ஜவுளிக்கடைக்காரர் ஆண்டு முடிவன்று கைரொக்கம், வங்கி இருப்பு இரண்டையும் துடைத்து எடுத்துக் கடனீந்தோருக்கு 60,000 கொடுத்துவிடுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரு விகிதங்களும் எப்படி மாறும்? ஒன்று ஏறி மற்றொன்று இறங்குவது ஏன்?

4. கேள்வி 1-இல் உள்ள கடனாளிகளில் 60,000 எட்டு மாதமாக வராத பாக்கி, இனி வராது. அதைக் கழித்துவிட்டால் விரைவு விகிதம் என்ன?

5. நடைமுறை மூலதனம் 90,000, நடப்பு விகிதம் 2.5:1, விரைவு விகிதம் 1.2:1. முன்கூட்டிச் செலுத்திய செலவு இல்லை. சரக்கிருப்பு எவ்வளவு?

விடைகள்

1. அ) 6,00,000 ÷ 3,00,000 = 2:1; 1,80,000 ÷ 3,00,000 = 0.6:1. ஆ) சொத்தில் பெரும்பங்கு அலமாரியில் கிடக்கும் துணி. அது விற்றால்தான் பணம், அதுவும் கடனுக்குப் போனால் இன்னும் தாமதம். கட்டிய வாடகையோ பணமாகத் திரும்பாது. ஒரு ரூபாய் பொறுப்புக்கு 60 பைசாதான் விரைவில் கைக்கு வரும். சரக்கு எவ்வளவு வேகமாக விற்கிறது என்று கேட்காமல் கடன் கொடுப்பது சரியில்லை.

2. உணவகம். நடப்பு விகிதம் 1.1:1, விரைவு விகிதம் 0.9:1. பாடநூல் அளவான 2:1-க்கு எட்டாவிட்டாலும், அன்றாடம் ரொக்கத்துக்கு விற்கும் தொழிலில் இது சாதாரணம்.

3. 2.25:1; 0.5:1. மேலும் கீழும் ஒரே தொகையைக் கழித்தால், 1-க்கு மேல் உள்ள விகிதம் ஏறும், கீழ் உள்ளது இறங்கும். கணக்கு அழகாகிவிட்டது, ஆனால் மறுநாள் டீ வாங்கக்கூட கடையில் காசு இல்லை!

4. 1,20,000 ÷ 3,00,000 = 0.4:1.

5. பொறுப்பு 60,000, நடப்புச் சொத்து 1,50,000, விரைவுச் சொத்து 72,000. ஆகவே சரக்கிருப்பு 78,000.