காந்திமதி – குமரகுருபரன் திருமண அழைப்பிதழ்

உ

ஸ்ரீ சொரிமுத்து அய்யனார் துணை
அருள்மிகு காந்திமதி அம்பாள் உடனுறை நெல்லையப்பர் துணை
குறுக்குத்துறை முருகன் துணை

ஆனை முகத்தானே ஆற்றங் கரையானே
தேனும் பழமும் தினம்படைத்தோம் – மானமுடன்
எங்கள் இருமனையும் ஏற்றமுற என்றென்றும்
மங்கலம் நல்குக வந்து.

அன்புடையீர், வணக்கம்.

நிகழும் மங்களகரமான விசுவாவசு வருடம், தை மாதம் 14ஆம் நாள் (28.01.2026) புதன்கிழமை, வளர்பிறை தசமி திதியும் ரோகிணி நட்சத்திரமும் கூடிய சுபதினத்தில், காலை 6 மணிக்கு மேல் 7.30 மணிக்குள் மகர லக்னத்தில், எங்கள் மூத்த மகள்

திருநிறைச்செல்வி ஆ. காந்திமதி, பி.இ.,

அவர்களுக்கும், ஸ்ரீவைகுண்டம் திரு. நெல்லைநாயகம் – திருமதி. பகவதி தம்பதியரின் இளைய குமாரன்

திருநிறைச்செல்வன் நெ. குமரகுருபரன், எம்.எஸ்ஸி., பி.எட்.,

அவர்களுக்கும் திருமணம் செய்துவைக்க இறையருளாலும் பெரியோர்கள் ஆசியாலும் நிச்சயித்திருக்கிறோம். முகூர்த்தம், திருநெல்வேலி டவுண் குறுக்குத்துறைச் சாலையில் எங்கள் வீட்டு வாசலில் பந்தலிட்டு நடைபெறும்.

வழக்கமாகப் பத்திரிகையில் இதற்கு மேல் 'சுற்றமும் நட்பும் சூழ வருகை தந்து' என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். எங்களுக்கு அந்த ஒரு வரி போதவில்லை. உறவுக்காரர்களும் சிநேகிதர்களுமாக ஆளுக்கு ஒரு கை பிடித்துத்தான் இந்தக் கல்யாணம் இவ்வளவு தூரம் வந்திருக்கிறது. ஆகவே கொஞ்சம் நீட்டியே அழைக்கிறோம்.

முதல் பத்திரிகையை நாலு மூலையிலும் மஞ்சள் தடவி, காரையாறு சொரிமுத்து அய்யனார் சந்நிதியில் வைத்துவிட்டு வந்தோம். அடுத்ததை அம்மன் சந்நிதியில். தன் பேரைத் தாங்கியவளுக்குக் கல்யாணம் என்று காந்திமதி அம்பாளுக்குச் சொல்லாமல் நெல்லையில் வேறு யாருக்குச் சொல்வது? மூன்றாவது தாய்மாமன் கைக்குப் போனது. அந்த வரிசை முடிந்த பிறகுதான் இது உங்கள் கைக்கு வருகிறது.

எங்கள் குடும்பத்துக்கு மூத்தவரான ஆச்சி அவர்களே, உங்கள் பாதம் பணிந்து அழைக்கிறோம். முகூர்த்தம் விடிகாலையில் என்பதால் முதல் நாள் சாயங்காலமே காரோடு ஆள் வரும். 'நான் எதுக்குடா, கெடக்கேன்' என்று சொல்லக்கூடாது. தாலியைத் தொட்டு ஆசி வழங்கும் முதல் கை உங்களுடையதாக இருக்க வேண்டும். காந்திமதியைப் படிக்க வைத்தே தீருவேன் என்று தன் காலத்தில் உறுதியாக நின்ற தாத்தா இன்று இல்லை. அவர் நாற்காலி பந்தலின் முன்வரிசையில் இருக்கும்.

பெரியப்பா, பெரியம்மை, சித்தப்பா, சித்திமார்களே, இது உங்கள் வீட்டுக் கல்யாணம். வாசலில் நின்று பன்னீர் தெளித்து வருகிறவர்களை வரவேற்க வேண்டியவர்கள் நீங்கள். அத்தைமார்களும் மாமாமார்களும் இரண்டு நாள் முன்பே வந்து சேர்ந்தால்தான் வீடு கல்யாண வீடாக இருக்கும். அத்தான்மார்களுக்கும் மதினிமார்களுக்கும் தனியாகச் சொல்லத் தேவையில்லை. கேலிக்கும் கிண்டலுக்கும் நீங்கள்தான் பொறுப்பு, மாப்பிள்ளையிடம் மட்டும் முதல் நாளே ஆரம்பித்துவிடாதீர்கள். சீர்த்தட்டைச் சுமந்துவரும் தாய்மாமன்களுக்கு எங்கள் தனி வணக்கம்.

சம்பந்தி வீட்டாரைப் பற்றி ஒரு வார்த்தை. 2023 டிசம்பர் 17ஆம் தேதி இரவு, திருச்செந்தூரில் சாமி கும்பிட்டுவிட்டுத் திரும்பிய நாங்கள் இருவரும், வெள்ளத்தில் ஸ்ரீவைகுண்டம் ஸ்டேஷனில் நின்றுபோன ரயிலில் இருந்தோம். சுற்றிலும் தண்ணீர், செல்போனில் சார்ஜ் இல்லை. அந்த நேரத்தில் பக்கத்து ஊர்க்காரர்கள் தங்கள் வீட்டு அரிசியை எடுத்து எங்களுக்குப் பொங்கிப் போட்டார்கள். அங்கே வாளியும் கரண்டியுமாக நின்ற ஓர் அம்மாள், 'வயிறு நெறைய சாப்பிடுங்க, நாளைக்கு விடிஞ்சா எல்லாம் சரியாயிரும்' என்றார்கள். ஒன்றரை வருடம் கழித்து மாப்பிள்ளை வீடு பார்க்கப் போனபோது காபி டம்ளரோடு வந்த முகத்தைப் பார்த்ததும் எங்களுக்குப் பேச்சே வரவில்லை. அதற்கு மேல் ஜாதகப் பொருத்தம் பார்த்ததெல்லாம் சம்பிரதாயத்துக்குத்தான். குமரகுருபர சுவாமிகள் பிறந்த ஊரில் பிறந்த பிள்ளைக்கு அவர் பேரையே வைத்திருக்கிறார்கள். சம்பந்தி வீட்டாரையும், அந்த ஊர் மக்கள் அத்தனை பேரையும் கைகூப்பி அழைக்கிறோம். இந்த முறை பரிமாறுகிற முறை எங்களுடையது.

அப்புறம் நண்பர்கள். அஞ்சல் துறையில் 34 வருடம் என்னோடு முத்திரை குத்திய தோழர்களே, கல்யாணப் பத்திரிகை கட்டுக்கட்டாக நம் கையில்தான் பிரிபட்டுப் போகும். இந்தத் தடவை உங்களுக்கென்றே ஒன்று வந்திருக்கிறது, தவறாமல் வந்துவிடுங்கள். எங்கள் தெருக்காரர்களே, மூன்று நாள் உங்கள் திண்ணையும் குழாயும் எங்களுக்கு வேண்டும், கேட்காமலே கொடுப்பீர்கள் என்று தெரியும். காந்திமதியோடு படித்தவர்களும் வேலை பார்ப்பவர்களும் சென்னை, பெங்களூரு என்று எங்கிருந்தாலும் முதல் நாளே ரயில் ஏறி வரவும். தங்குவதற்குத் தெருவில் நாலு வீடு பேசி வைத்திருக்கிறோம். மாப்பிள்ளையின் நண்பர்களுக்கு அன்பான ஒரு வேண்டுகோள்: பிளெக்ஸ் பேனர் வேண்டாம், ரோடு குறுகல்.

27ஆம் தேதி செவ்வாய்க்கிழமை மாலை 6 மணிக்கு மாப்பிள்ளை அழைப்பு. முகூர்த்தத்துக்கு மறுநாள் மதியம் நம் வழக்கப்படி சொதிச் சாப்பாடு. தேங்காய் மூன்று பால் பிழிந்து, சிறுபருப்பும் காய்கறியும் போட்டு, கூடவே இஞ்சிப் பச்சடி. கல்யாணம் முடிந்த கையோடு பஸ் ஏறுகிறவர்களுக்கு இந்த வரி.

எங்கள் பிள்ளைகளுக்கு வாழ்த்தும் ஆசியும்தான் தேவை. மொய், பரிசுப் பொருள் தவிர்க்குமாறு அன்புடன் கேட்டுக்கொள்கிறோம்.

வீடு வீடாக வந்து வெற்றிலை பாக்கு வைத்து அழைப்பதே முறை. முழங்கால் வலியால் மாடி வீடுகள் சிலவற்றுக்கு என்னால் ஏற முடியவில்லை. வெளியூர்களுக்குத் தபாலில்தான் அனுப்ப முடிந்தது. அதைக் குறையாக எண்ணாமல், இதையே நேரில் வந்து அழைத்ததாகக் கொண்டு, தாங்கள் தங்கள் குடும்பத்தாரோடும் சுற்றத்தாரோடும் முதல் நாளே வந்திருந்து, மணமக்களை வாழ்த்தியருள வேண்டுகிறோம். யாருடைய பெயராவது, உறவு முறையாவது விட்டுப்போயிருந்தால் அது எங்கள் மறதியே தவிர மனசு அல்ல. சண்டை போடவாவது வந்துவிடுங்கள்.

தங்கள் நல்வரவை விரும்பும்,

ச. ஆறுமுகம் (அஞ்சல் துறை, ஓய்வு)
ஆ. கோமதி
திருநெல்வேலி டவுண்

தங்கள் வருகையை எதிர்நோக்கும்:
மணமகளின் தங்கை ஆ. மீனாட்சி, தம்பி ஆ. சண்முகம்