முந்நூறு

எட்டாம் வகுப்பில் என்.எம்.எம்.எஸ். தேர்வு எழுதி, மனத்திறன் தாளில் 90 வினாக்களும் படிப்பறிவுத் தாளில் 90 வினாக்களும் கடந்து, ஆண்டுக்கு 12,000 ரூபாய் உதவித்தொகை பெறுவோர் பட்டியலில் மாரிச்செல்வியின் பெயர் வந்தபோது, அந்தப் பணம் பன்னிரண்டாம் வகுப்பு வரை தானாகவே வந்துகொண்டிருக்கும் என்றுதான் வீட்டில் எல்லோரும் நம்பினார்கள். ஒன்பதாம் வகுப்பில் தேர்ச்சி பெற்றாள். பத்தாம் வகுப்பிலும் பணம் வங்கிக் கணக்கில் ஏறியது. ஆகவே பத்தாம் வகுப்பிலும் தேர்ச்சி பெற்றால் போதும் என்று அவள் எண்ணியதில் வியப்பில்லை.

அரையாண்டுத் தேர்வு விடைத்தாள்களைக் கொடுத்து முடித்த ஜனவரி மாதத்துப் பிற்பகல் ஒன்றில், அந்த உதவித்தொகைக் கோப்பைப் பள்ளியில் கவனித்துக்கொள்ளும் கணக்கு டீச்சர் அவளை ஆசிரியர் அறைக்கு அழைத்தார்.

"பத்தாவதுல பாஸ் மட்டும் பத்தாது, செல்வி. பதினொண்ணாவதுக்குப் பணம் தொடரணும்னா அறுபது சதவீதம் வேணும். எஸ்.சி., எஸ்.டி. பிள்ளைகளுக்கு அம்பத்தஞ்சு. உனக்கு அறுபது."

"ஐந்நூறுக்கு முந்நூறா டீச்சர்?"

"முந்நூறு. நீ கணக்குலயே முப்பத்தொண்ணு வாங்கியிருக்க."

கடையத்திலிருந்து உள்ளே தள்ளியிருந்த அவளுடைய ஊரில், மாலை நேரத்தில் பெரும்பாலான வீட்டுத் திண்ணைகளில் பெண்கள் மடியில் சுளகை வைத்துக்கொண்டு பீடி சுற்றிக்கொண்டிருப்பார்கள். அவளுடைய அம்மா பேச்சியம்மாளும் அப்படித்தான் உட்கார்ந்திருந்தாள். நனைத்து வைத்த இலையைத் தகர அளவின்மேல் வைத்துக் கத்தரியால் வெட்டுவதும், தூளை நிரப்பிச் சுருட்டுவதும், நூலைச் சுற்றி முனையை மடக்குவதும் பார்வையின் உதவியே தேவைப்படாமல் நடந்துகொண்டிருந்தன. செல்வி எதிரே அமர்ந்து, கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் அரையாண்டு மதிப்பெண்களை வரிசையாக எழுதினாள்: தமிழ் 74, ஆங்கிலம் 43, கணிதம் 31, அறிவியல் 33, சமூக அறிவியல் 65. கூட்டினால் 246. முந்நூறுக்கு 54 குறைந்தது.

ஐம்பத்து நான்கு என்ற எண்ணைப் பார்த்ததும் அவள் பேனாவை மூடி வைத்துவிட்டாள். ஐந்து பாடத்திலும் ஏறத்தாழப் பதினொரு மதிப்பெண் கூட வேண்டும். ஜூன் முதல் டிசம்பர் வரை படித்து வாங்க முடியாததை ஜனவரியும் பிப்ரவரியும் எப்படித் தரும் என்று தோன்றியது. தமிழிலும் சமூக அறிவியலிலும் மட்டும் முழு மூச்சாக உழைத்து, கணிதத்தை விட்டுவிடலாமா என்றும் யோசித்தாள். அதிலும் வழியில்லை. ஒவ்வொரு பாடத்திலும் 35 இல்லாவிட்டால் தேர்ச்சியே இல்லை. கணிதத்துக்கு வேண்டிய அந்த நான்கு மதிப்பெண்ணை வேறெந்தப் பாடத்திலிருந்தும் கடன் வாங்க முடியாது.

இரவு சாப்பாட்டுக்குப் பிறகு விடைத்தாள்களை மறுபடியும் எடுத்தபோதுதான் அறிவியல் தாளின் முகப்பில் சிவப்பு மையில் 33-க்குக் கீழே கோடு போட்டு 75 என்று எழுதியிருந்ததைக் கவனித்தாள். அறிவியலில் எழுத்துத் தேர்வு 75 மதிப்பெண்ணுக்குத்தான். மீதி 25 செய்முறைக்கு. அரையாண்டில் செய்முறை நடக்கவில்லை. அப்படியானால் 246 என்பது ஐந்நூறுக்கு அன்று, 475-க்கு. பதிவேட்டை ஒழுங்காக முடித்து, எல்லா ஆய்வுகளையும் செய்து, ஒருநாளும் தவறாமல் வருகிற பிள்ளைக்கு அந்த 25-இல் 22-க்குக் குறையாமல் வரும். 22 சேர்ந்தால் 268. பள்ளம் 54 அன்று, 32. எந்தப் பாடத்தையும் இன்னும் புதிதாகப் படிக்காமலேயே 22 மதிப்பெண் கிடைத்துவிட்டது என்பதில் அவளுக்கு வந்த உற்சாகம், கணக்குத் தாளை விரிக்கிற துணிவைத் தந்தது.

மதிப்பெண் குறைந்த விடைத்தாளை யாரும் இரண்டாம் முறை பார்ப்பதில்லை. பார்த்தாலும் மொத்தத்தைத்தான் பார்க்கிறோம். செல்வி அன்று பகுதி பகுதியாகப் பார்த்தாள். ஒரு மதிப்பெண் வினாக்கள் 14-இல் 8 சரி. இரண்டு மதிப்பெண் பகுதியில் 20-க்கு 10. ஐந்து மதிப்பெண் பகுதியில் 50-க்கு 10. கடைசிப் பகுதியில் வடிவியல் வரைதலுக்கு எட்டில் மூன்று. வரைபடத்துக்கு எட்டில் பூச்சியம், காரணம் அவள் வரைபடத்தாளைத் தொடவே இல்லை. அந்த இரண்டு வினாவுக்கும் சேர்த்து 16 மதிப்பெண் உண்டு. எந்த ஆண்டு வினாத்தாளை எடுத்தாலும் அதே இடத்தில் அவை நிற்கும். சூத்திரம் மறந்தாலும் கை பழகியிருந்தால் போதும். இரண்டிலும் ஏழேழு வாங்கினால் கூடுதலாக 11. புத்தகத்தின் பயிற்சி வினாக்களைத் திரும்பத் திரும்பப் போட்டு ஒரு மதிப்பெண்ணில் 8-ஐ 11 ஆக்கினால் இன்னும் 3. கணிதம் 45 ஆகிவிடும்.

32-இல் 14 போக 18. அறிவியல் ஒரு மதிப்பெண் வினாக்கள் பன்னிரண்டில் ஆறுதான் சரியாக எழுதியிருந்தாள். அதைப் பத்தாக்கினால் 14 மிஞ்சும். சமூக அறிவியலில் ஆறுகளையும் மலைகளையும் மண் வகைகளையும் வரைபடத்தில் குறிக்கப் பழகினால் ஏழு ஏறும். தமிழில் மனப்பாடச் செய்யுளை அடி பிறழாமல், பிழையில்லாமல் எழுதினால் நான்கு. ஆங்கிலத்திலும் மனப்பாடக் கவிதையை எழுத்துப்பிழை இன்றி எழுதினால் மூன்று. எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தாள்: 300. ஒன்றுகூட மிஞ்சவில்லை, ஒன்றுகூடக் குறையவில்லை.

"யம்மா, சரியா முந்நூறு வருது."

பேச்சியம்மாள் அப்போது சுற்றி முடித்த பீடிகளை இருபத்தைந்து இருபத்தைந்தாகக் கட்டிக்கொண்டிருந்தாள். நாற்பது கட்டு சேர்ந்தால் ஆயிரம். "சரியா முந்நூறுன்னா எப்படிட்டி?" என்று கேட்டாள். "கடையில இது சரியில்ல, அது சரியில்லன்னு கழிச்சிருவாங்கன்னுதான நான் தெனமும் ஒரு கட்டு கூடச் சுத்துதேன்? ஒனக்கு ஒருத்தரும் கழிக்க மாட்டாகளா?"

கழிப்பார்கள் என்பது செல்விக்கு உடனே விளங்கியது. செய்முறையில் 22-க்குப் பதில் 20 வரலாம்; மனப்பாடச் செய்யுள் இருக்கிற வினாவில் அவள் படிக்காத பாடல் வரலாம்; அலகு எழுதாமல் விட்டதற்கு அரை மதிப்பெண் போகலாம். 300-ஐக் குறிவைத்தால் இதில் எதைத் தவறவிட்டாலும் 299 ஆகிவிடும். 299-க்குப் பணம் கிடையாது. 59.8 சதவீதத்தை 60 என்று யாரும் முழுமையாக்கித் தரமாட்டார்கள். ஆகவே 300 என்பதை அடித்துவிட்டு 315 என்று எழுதினாள். அந்தப் பதினைந்து எங்கிருந்து வரும் என்பதற்குக் கணிதத்தின் ஐந்து மதிப்பெண் பகுதியைத் தவிர வேறு இடம் தெரியவில்லை: இன்னும் மூன்று கணக்கு, மூவைந்து பதினைந்து.

மறுநாள் அந்தப் பக்கத்தைப் பார்த்த டீச்சர், பாராட்டாக ஒரு சொல்லும் சொல்லாமல், ஐந்து மதிப்பெண்ணுக்கு மூன்று இடங்களைப் பென்சிலால் குறித்துக் கொடுத்தார்: தொடர்வரிசையில் கூடுதல் காணும் கணக்குகள், அளவியலில் கூட்டு உருவங்கள், புள்ளியியலில் திட்ட விலக்கம். "வரைபடத்தை மட்டும் தினம் ஒண்ணு போட்டு எங்கிட்டக் காட்டு" என்றார்.

முதல் வாரத்தில் அவள் காட்டிய வரைபடங்கள் ஒன்றும் உருப்படியாக இல்லை. y = x² – x – 12 என்பதற்கு அட்டவணை போட்டபோது, x = –4 என்ற இடத்தில் வர்க்கத்தை –16 என்று எழுதிவிட்டாள். அதனால் 8 வரவேண்டிய இடத்தில் –24 வந்து, இரு பக்கமும் மேலேறிக் கிண்ணம்போல் நிற்கவேண்டிய வளைவரையின் இடது பக்கம் தாளைவிட்டுக் கீழே இறங்கி ஓடியது. டீச்சர் அட்டவணையைப் பார்க்கவில்லை, வளைவரையின் வடிவத்தை மட்டும் பார்த்துவிட்டு, "குறை எண்ணை வர்க்கப்படுத்தினா என்ன வரும்?" என்று கேட்டார். அன்றிலிருந்து x² என்ற வரியை மட்டும் தனியாக எழுதி, அதில் குறை அடையாளம் எங்கும் இல்லை என்று பார்த்த பிறகே அடுத்த வரிக்குப் போனாள். வளைவரை –3 இலும் 4 இலும் x அச்சை வெட்டியபோது, விடையைச் சரிபார்க்கப் புத்தகத்தின் பின்பக்கத்தைத் திருப்ப வேண்டியிருக்கவில்லை. இரண்டையும் சமன்பாட்டில் இட்டுப் பூச்சியம் வருகிறதா என்று பார்த்தால் போதுமாயிருந்தது.

திட்ட விலக்கம் அவளுக்குக் கடைசி வரை பிடிபடவில்லை என்றே சொல்லவேண்டும். முதல் திருப்புதல் தேர்வில் கணிதம் 39, இரண்டாவதில் 47. செய்முறைத் தேர்வை எந்தக் குறையும் இல்லாமல் முடித்தாள். பொதுத்தேர்வுக் கணிதத் தாளில் வரைபடத்தை முதலில் போட்டுவிட்டுத்தான் மற்ற பக்கங்களைத் திருப்பினாள்.

தேர்வு முடிவு வந்த நாளில் தமிழ் 81, ஆங்கிலம் 47, கணிதம் 52, அறிவியல் 61, சமூக அறிவியல் 70. மொத்தம் 311. கணிதத்தில் எதிர்பார்த்த 60 வரவில்லை. சமூக அறிவியலில் இரண்டு குறைந்தது. தமிழ் மூன்று கூடத் தந்தது. 315-ஐ எட்டவில்லை என்றாலும், 300-ஐத் தாண்டிப் பதினொன்று மிஞ்சியிருந்தது.

மறுவாரம் ஒரு தனியார் பள்ளியிலிருந்து ஆள் வந்து, கட்டணத்தில் பாதியைக் குறைத்துக்கொள்வதாகவும் வேன் வாசலுக்கே வரும் என்றும் சொன்னார். வேனைக் கேட்டதும் பேச்சியம்மாளுக்குச் சபலம் தட்டியது. அரசுப் பள்ளியிலோ அரசு உதவி பெறும் பள்ளியிலோ படித்தால்தான் இந்த உதவித்தொகை தொடரும் என்பதை டீச்சர் முன்பே சொல்லியிருந்ததால், செல்வி அம்மாவிடம் இரண்டு வரியில் கணக்குச் சொன்னாள்: அங்கே போனால் இரண்டு ஆண்டுக்கு 24,000 ரூபாய் நிற்கும், அதற்குமேல் பாதிக் கட்டணமும் கட்டவேண்டும். வந்தவர் மோர் குடித்துவிட்டுப் போனார்.

அரசு மேல்நிலைப் பள்ளியில் சேர்க்கைப் படிவத்தை வாங்கிய எழுத்தர், சாதிச் சான்று, மாற்றுச் சான்று, ஆதார் நகல் எல்லாவற்றையும் சரிபார்த்துவிட்டு அடுத்தவரைக் கூப்பிடத் தலையை நிமிர்த்தினார். செல்வி நகரவில்லை.

"சார், எனக்கு என்.எம்.எம்.எஸ். வருது. இந்த வருஷத்துக்குப் புதுப்பிக்கணும். இணையதளத்துல பள்ளிக்கூடத்துலதான் சரிபார்த்து அனுப்பணும்னு டீச்சர் சொன்னாங்க."

"பாஸ்தான? பார்த்துக்கலாம்மா."

"பாஸ் பத்தாது சார். முந்நூறு வேணும். முந்நூத்திப் பதினொண்ணு இருக்கு." மதிப்பெண் பட்டியலின் நகலை மேசைமேல் வைத்தாள். "பன்னிரண்டாவதுக்கும் பணம் தொடரணும்னா பதினொண்ணாவதுல எத்தனை வேணும் சார்?"

எழுத்தர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு அவளை ஒருமுறை பார்த்தார். பிறகு, "முதல் தடவையிலேயே எல்லாப் பாடமும் தேறணும்னு நினைக்கேன், இரு" என்று சொல்லிவிட்டு, சுற்றறிக்கைக் கோப்பைத் தேடி அலமாரியைத் திறந்தார்.